கிளைக்காலிசிஸ் முதல் சிட்ரிக் அமிலச் சுழற்சி வரை: ஏடிபி, என்ஏடிஎச் எந்தப் படியில் கிடைக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் தேர்வுக் கேள்விகள்

கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும் மனப்பாடம் செய்தால்தான் ஏடிபி கணக்கு வருமா?

பத்தும் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் கணக்குக்கு வேண்டியவை ஐந்து படிகள்தான். முதல் படியிலும் மூன்றாம் படியிலும் தலா ஒரு ஏடிபி செலவாகிறது. ஆறாம் படியில் என்ஏடிஎச் கிடைக்கிறது. ஏழாம் படியிலும் பத்தாம் படியிலும் ஏடிபி கிடைக்கிறது. மற்ற ஐந்து படிகளில் மூலக்கூறு உருமாறுகிறது, பிளக்கிறது, நீரை இழக்கிறது. வரவும் இல்லை, செலவும் இல்லை.

செலவுப் படிகளின் நொதிகள் ஹெக்சோகைனேஸ் (கல்லீரலில் குளுக்கோகைனேஸ்), பாஸ்போபிரக்டோகைனேஸ். அதன்பின் நான்காம் படியில் ஆல்டோலேஸ் ஆறு கார்பன் சர்க்கரையை இரண்டு மூன்று கார்பன் துண்டுகளாகப் பிளக்கிறது. அவற்றில் ஒன்றான டைஹைட்ராக்சி அசிட்டோன் பாஸ்பேட், ஐந்தாம் படியில் மற்றொன்றைப் போலவே கிளிசரால்டிஹைடு 3-பாஸ்பேட்டாக மாறிவிடுகிறது. ஆகவே ஆறாம் படியிலிருந்து எல்லாமே ஒரு குளுக்கோசுக்கு இரண்டு முறை நடக்கிறது. மதிப்பெண் அதிகம் போகும் இடம் இதுதான்: படியில் '1 என்ஏடிஎச்' என்று சரியாக எழுதிவிட்டு, மொத்தம் போடும்போது இரண்டால் பெருக்க மறந்துவிடுவார்கள்.

ஆறாம் படியை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். கிளிசரால்டிஹைடு 3-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் நொதி ஆல்டிஹைடு தொகுதியை ஆக்சிஜனேற்றம் செய்து, எலக்ட்ரான்களை என்ஏடி+ மீது ஏற்றுகிறது. அதே வேளையில் செல்லில் தனியாக மிதக்கும் கனிமப் பாஸ்பேட் ஒன்று மூலக்கூறில் வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பாஸ்பேட்டுக்காக ஏடிபி எதுவும் செலவாகவில்லை. இப்போது உருவாகும் 1,3-பிஸ்பாஸ்போகிளிசரேட்டில் இரண்டு பாஸ்பேட்கள் இருக்கின்றன: ஒன்று நாம் ஏற்கெனவே ஏடிபி கொடுத்து வாங்கியது, இன்னொன்று சும்மா கிடைத்தது. ஏழாம் படியில் பாஸ்போகிளிசரேட் கைனேஸ் அந்தச் சும்மா கிடைத்த பாஸ்பேட்டை ஏடிபியாக மாற்றுகிறது. பத்தாம் படியில் பைருவேட் கைனேஸ் தருவது, கணக்குப்படி, முதலில் போட்ட முதலைத் திருப்பித் தருவதுதான். கிளைக்காலிசிஸின் லாபம் முழுக்க ஏழாம் படியில் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்திருந்தால் பின்னால் வரும் தடுப்பான் கேள்விகள் பாதி முடிந்துவிடும்.

4 ஏடிபியா, 2 ஏடிபியா? எதை எழுதினால் மார்க் கிடைக்கும்?

கேள்வியில் உள்ள சொல்லைப் பாருங்கள். 'உருவாகும்' என்றால் 4. 'நிகர லாபம்' என்றால் 2. எது என்று தெளிவாக இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்: 4 உருவாகிறது, 2 செலவாகிறது, நிகரம் 2. திருத்துபவர் எதை எதிர்பார்த்தாலும் விடை அங்கே இருக்கும்.

இதன் இன்னொரு வடிவம், 'ஒரு குளுக்கோஸ் முழுவதும் எரியும்போது சப்ஸ்ட்ரேட் லெவல் பாஸ்பாரிலேஷன் வழியாக எத்தனை?' என்பது. எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் உதவி இல்லாமல் நேரடியாக உருவாகும் ஏடிபி அல்லது ஜிடிபியை மட்டும் எண்ண வேண்டும். அவற்றைத் தரும் நொதிகள் மூன்றே: பாஸ்போகிளிசரேட் கைனேஸ், பைருவேட் கைனேஸ், சிட்ரிக் அமிலச் சுழற்சியில் சக்சினைல் கோஏ சிந்தட்டேஸ் (சக்சினேட் தயோகைனேஸ் என்பதும் இதுவே). மூன்றும் தலா இரண்டு முறை, ஆக மொத்தம் 6, நிகரம் 4.

பைருவேட் அசிட்டைல் கோஏ ஆகும் படியை கிளைக்காலிசிஸில் சேர்ப்பதா, சுழற்சியில் சேர்ப்பதா?

இரண்டிலும் வேண்டாம். தனி வரியாக எழுதுங்கள். கிளைக்காலிசிஸ் சைட்டோசாலில் நடந்து பைருவேட்டில் முடிகிறது. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியான மேட்ரிக்சுக்குள் சென்ற பிறகு, பைருவேட் டீஹைட்ரஜனேஸ் கூட்டுநொதி அதிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடை நீக்கி அசிட்டைல் கோஏ ஆக்குகிறது. அப்போது ஒரு என்ஏடிஎச். குளுக்கோசுக்கு இரண்டு. ஏடிபி எதுவும் நேரடியாக வருவதில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வழக்கமாக வரும். இந்தக் கூட்டுநொதியின் ஐந்து துணைநொதிகளில் எஃப்ஏடியும் ஒன்று: தயமின் பைரோபாஸ்பேட், லிப்போயிக் அமிலம், கோஎன்சைம் ஏ, எஃப்ஏடி, என்ஏடி+. அப்படியானால் எஃப்ஏடிஎச்2 ஒன்றையும் எண்ண வேண்டாமா? வேண்டாம். லிப்போயிக் அமிலத்திடமிருந்து எஃப்ஏடி வாங்கும் அதே எலக்ட்ரான்கள்தான் கடைசியில் என்ஏடி+ மீது ஏறுகின்றன. கை மாறியதே தவிர, புதிதாக எதுவும் வரவில்லை. நொதியை விட்டு வெளியே வருவது என்ஏடிஎச் மட்டுமே. ஆல்பா கீட்டோகுளூட்டரேட் டீஹைட்ரஜனேசுக்கும் இதே பதில், அதே ஐந்து துணைநொதிகள்.

சுழற்சியின் ஒரு சுற்றில் எது எங்கே கிடைக்கிறது? வரிசை அடிக்கடி குழம்புகிறது.

கார்பன் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு போனால் குழப்பம் குறையும். இரண்டு கார்பன் அசிட்டைல் கோஏயும் நான்கு கார்பன் ஆக்சலோஅசிட்டேட்டும் சேர்ந்து ஆறு கார்பன் சிட்ரேட். அது ஐசோசிட்ரேட்டாக உருமாறுகிறது. இதுவரை கடத்தி எதுவும் இல்லை.

ஐசோசிட்ரேட் டீஹைட்ரஜனேஸ் ஒரு கார்பன் டை ஆக்சைடை நீக்கி ஆல்பா கீட்டோகுளூட்டரேட் தருகிறது, முதல் என்ஏடிஎச். ஆல்பா கீட்டோகுளூட்டரேட் டீஹைட்ரஜனேஸ் இன்னொரு கார்பன் டை ஆக்சைடை நீக்கி சக்சினைல் கோஏ தருகிறது, இரண்டாவது என்ஏடிஎச். கார்பன் வெளியேறும் படிகள் இவை இரண்டே, இரண்டிலும் என்ஏடிஎச் உண்டு. இதைச் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

சக்சினைல் கோஏ சக்சினேட் ஆகும்போது ஒரு ஜிடிபி. சில திசுக்களில் இது நேரடியாக ஏடிபியாகவே வருகிறது. கணக்கில் வேறுபாடு இல்லை. சக்சினேட் ஃபியூமரேட் ஆகும்போது எஃப்ஏடிஎச்2. ஃபியூமரேட் நீரைச் சேர்த்து மாலேட் ஆகிறது, வரவு இல்லை. மாலேட் ஆக்சலோஅசிட்டேட் ஆகும்போது மூன்றாவது என்ஏடிஎச். ஆக, ஒரு சுற்றுக்கு 3 என்ஏடிஎச், 1 எஃப்ஏடிஎச்2, 1 ஜிடிபி.

சக்சினேட் படியில் மட்டும் ஏன் என்ஏடிஎச் இல்லை என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். அங்கே நடப்பது இரண்டு கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு உருவாவது. அதில் வெளிப்படும் ஆற்றல் என்ஏடி+ஐ ஒடுக்கப் போதாது. எஃப்ஏடியை ஒடுக்கப் போதும். அத்துடன் சக்சினேட் டீஹைட்ரஜனேஸ் மட்டும் மேட்ரிக்சில் மிதக்காமல் உட்சவ்வில் பதிந்திருக்கிறது. எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் இரண்டாம் கூட்டமைப்பு என்பது இதே நொதிதான். எனவே அதன் எஃப்ஏடிஎச்2 எங்கும் பயணிப்பதில்லை. நொதிக்குள் இருந்தபடியே எலக்ட்ரானை கோஎன்சைம் கியூவிடம் கொடுக்கிறது. 'சுழற்சியின் எல்லா நொதிகளும் மேட்ரிக்சில் உள்ளன: சரியா, தவறா?' என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை 'தவறு'. காரணம் இது.

ஒரு புத்தகத்தில் 38, இன்னொன்றில் 36, வேறொன்றில் 32, 30. எது சரி?

கடத்திகளின் எண்ணிக்கை எல்லாப் புத்தகங்களிலும் ஒன்றுதான். அவற்றை ஏடிபியாக மாற்றும் விகிதமும், சைட்டோசால் என்ஏடிஎச் உள்ளே போகும் வழியும்தான் வேறுபடுகின்றன.

முதலில் விகிதம். பழைய கணக்கு ஒரு என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2க்கு 2 என்று வைத்தது. இப்போதைய கணக்கு 2.5, 1.5. அரை ஏடிபி எப்படி வரும் என்று தயங்க வேண்டாம். இது புரோட்டான்களின் சராசரி. என்ஏடிஎச்சின் இரண்டு எலக்ட்ரான்கள் சங்கிலி வழியாகப் போகும்போது முதல் கூட்டமைப்பில் 4, மூன்றாவதில் 4, நான்காவதில் 2 என 10 புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. ஒரு ஏடிபி உருவாகி சைட்டோசாலுக்குப் போய்ச்சேர 4 புரோட்டான்கள் திரும்ப உள்ளே வர வேண்டும்: ஏடிபி சிந்தேசுக்கு 3, பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவர 1. 10ஐ 4ஆல் வகுத்தால் 2.5. எஃப்ஏடிஎச்2 முதல் கூட்டமைப்பைத் தொடாமல் சேர்வதால் 6 புரோட்டான்கள்தான். 6ஐ 4ஆல் வகுத்தால் 1.5.

அடுத்து வழி. கிளைக்காலிசிஸ் தரும் 2 என்ஏடிஎச் சைட்டோசாலில் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு என்ஏடிஎச்சை உள்ளே விடாது. அதன் எலக்ட்ரான்களை மட்டும் வேறொரு மூலக்கூறு சுமந்து போகிறது. கல்லீரல், இதயம் போன்றவற்றில் மாலேட்-ஆஸ்பார்டேட் வழி: எலக்ட்ரான்கள் மேட்ரிக்சில் மீண்டும் என்ஏடிஎச்சாகவே வருகின்றன, இழப்பு இல்லை. எலும்புத்தசையிலும் மூளையிலும் கிளிசரால் பாஸ்பேட் வழி முக்கியமானது: எலக்ட்ரான்கள் உட்சவ்வில் உள்ள எஃப்ஏடி வழியாக நேரே கோஎன்சைம் கியூவுக்குப் போகின்றன. முதல் கூட்டமைப்பு தவறிப்போவதால் ஒவ்வொன்றுக்கும் 1 ஏடிபி குறைகிறது, இரண்டுக்குமாக 2.

மாலேட்-ஆஸ்பார்டேட் வழிக்கான முழுக் கணக்கு:

```
ATP + GTP : 2 + 2      = 4
NADH      : 2 + 2 + 6  = 10   10 x 2.5 = 25
FADH2     : 2                  2 x 1.5 = 3
                       4 + 25 + 3 = 32
```

கிளிசரால் பாஸ்பேட் வழி என்றால் 30. இதே எண்ணிக்கையைப் பழைய விகிதத்தில் போட்டால் 4 + 30 + 4 = 38; கிளிசரால் பாஸ்பேட் வழியில் 36. நான்கு விடைகளும் ஒரே அட்டவணையிலிருந்து வருகின்றன.

தேர்வில் உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தின் விகிதத்தையே பயன்படுத்துங்கள், அதை முதல் வரியில் எழுதியும் விடுங்கள்: 'என்ஏடிஎச் = 2.5, எஃப்ஏடிஎச்2 = 1.5, மாலேட்-ஆஸ்பார்டேட் வழி'. பாதியில் விகிதத்தை மாற்றுவதுதான் உண்மையான தவறு. கிளைக்காலிசிஸ் வரை பழைய விகிதம், சுழற்சிக்குப் புதிய விகிதம் என்று கலந்த விடைகளில் 33, 34 என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாத எண்கள் வருகின்றன. அப்படி ஒரு எண் வந்தால், முதலில் அங்கே தேடுங்கள்.

பைருவேட் லாக்டேட் ஆனால் அந்த என்ஏடிஎச் என்ன ஆகிறது?

செலவாகிவிடுகிறது. லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் அதை எடுத்துத்தான் பைருவேட்டை லாக்டேட் ஆக்குகிறது. ஆறாம் படியில் 2 என்ஏடிஎச் வரவு, கடைசியில் 2 செலவு, மீதி பூஜ்யம். எனவே ஆக்சிஜன் இல்லாத கிளைக்காலிசிஸின் விடை '2 ஏடிபி', அவ்வளவுதான். '2 ஏடிபி, 2 என்ஏடிஎச்' என்று எழுதினால் அது பைருவேட்டில் நின்ற கணக்கு. தவறு பரவலாக வருவதால் கேள்வியில் கடைசிப் பொருள் பைருவேட்டா லாக்டேட்டா என்று இருமுறை பாருங்கள்.

இந்தப் படியால் ஏடிபி எதுவும் கிடைப்பதில்லையே, பிறகு செல் ஏன் இதைச் செய்கிறது? செல்லில் என்ஏடி+ இருப்பு மிகக் குறைவு. அது முழுவதும் என்ஏடிஎச்சாக மாறிவிட்டால் ஆறாம் படி நின்றுபோகும். அதன்பின் ஏழும் இல்லை, பத்தும் இல்லை. லாக்டேட் உருவாவது என்ஏடி+ஐ மீட்பதற்காகத்தான். ஈஸ்ட்டில் எத்தனால் உருவாவதற்கும் காரணம் அதுவே. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது என்பதால் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டே இருந்தாலும் அதற்கு லாக்டேட் வழி ஒன்றுதான் கதி.

சுழற்சியின் எந்தப் படியிலும் ஆக்சிஜன் சேரவில்லை. பிறகு ஆக்சிஜன் இல்லையென்றால் சுழற்சி ஏன் நிற்கிறது?

மேலே சொன்ன அதே காரணம், இடம் மட்டும் வேறு. மேட்ரிக்சில் என்ஏடிஎச்சை மீண்டும் என்ஏடி+ ஆக்குவது எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. அதன் கடைசியில் எலக்ட்ரானை வாங்குவது ஆக்சிஜன். அது இல்லாவிட்டால் சங்கிலி அடைபடும், என்ஏடிஎச் தேங்கும், மூன்று டீஹைட்ரஜனேஸ்களுக்கும் என்ஏடி+ கிடைக்காது. சையனைடு நான்காம் கூட்டமைப்பைத் தடுக்கும்போதும் இதே விளைவு. ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது.

ஆர்சனேட், அயோடோஅசிட்டேட், ஃபுளோரைடு கொடுத்தால் எத்தனை ஏடிபி என்று கேட்கிறார்கள். எப்படிப் போடுவது?

ஐந்து படிகளையும் வரிசையாக எழுதி, தடை எங்கே விழுகிறது என்று கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளதை மட்டும் கூட்டுங்கள். குளுக்கோஸ் ஒன்றுக்கு:

அயோடோஅசிட்டேட் ஆறாம் படி நொதியின் சல்பைட்ரில் தொகுதியில் ஒட்டி அதை முடக்குகிறது. முதல் படியிலும் மூன்றாம் படியிலும் செலவழித்தது போனதுதான். என்ஏடிஎச் இல்லை, ஏடிபி வரவு இல்லை. விடை: மைனஸ் 2.

ஃபுளோரைடு ஒன்பதாம் படியின் ஈனோலேசைத் தடுக்கிறது. ஏழாம் படி நடந்து முடிந்துவிட்டதால் 2 ஏடிபி வந்திருக்கும், 2 செலவாகியிருக்கும். நிகரம் பூஜ்யம், 2 என்ஏடிஎச் உண்டு. இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு சேர்ப்பது இந்தத் தடைக்காகத்தான். ஆனால் தடை ஒன்பதாம் படியில் விழுவதால், மேலே ஹெக்சோகைனேஸ் சிறிது நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளுக்கோஸ் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. நோயாளிப் படிப்பைச் சார்ந்த கேள்வித்தாள்களில் இது இப்போது அடிக்கடி வருகிறது.

ஆர்சனேட்தான் இவற்றில் நுட்பமானது. அது எந்த நொதியையும் முடக்குவதில்லை. உருவத்தில் பாஸ்பேட்டைப் போலவே இருப்பதால், ஆறாம் படியில் கனிமப் பாஸ்பேட் ஒட்ட வேண்டிய இடத்தில் தான் போய் ஒட்டிக்கொள்கிறது. என்ஏடிஎச் வழக்கம்போல் வருகிறது. ஆனால் ஆர்சனேட் ஒட்டிய பொருள் நிலையற்றது. நொதி எதுவும் தேவைப்படாமல் உடனே நீரால் உடைந்து 3-பாஸ்போகிளிசரேட் ஆகிவிடுகிறது. ஏழாம் படியில் ஏடிபியாக வேண்டியது வெறும் வெப்பமாகப் போகிறது. அதன்பின் எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் தடையின்றி நடக்கின்றன, பைருவேட் கிடைக்கிறது, பத்தாம் படியில் 2 ஏடிபியும் கிடைக்கிறது. மைனஸ் 2, பிளஸ் 2. நிகரம் பூஜ்யம், 2 என்ஏடிஎச், 2 பைருவேட். லாபம் ஏழாம் படியில்தான் இருக்கிறது என்று முதல் பதிலில் சொன்னது இங்கே கண்ணால் தெரிகிறது.

ஃபுளோரைடுக்கும் பூஜ்யம், ஆர்சனேட்டுக்கும் பூஜ்யம். வேறுபாடு பைருவேட்டில்: முதலாவதில் பைருவேட் வராது, இரண்டாவதில் வரும். சிவப்பணுவின் 2,3-பிஸ்பாஸ்போகிளிசரேட் கிளைவழியும் ஏழாம் படியைத் தாண்டிக் குதிப்பதுதான். ஒரு குளுக்கோசின் இரண்டு பாதிகளும் அந்த வழியே போனால் நிகர ஏடிபி பூஜ்யம். கேள்வி மாறினாலும் கணக்கு ஆர்சனேட்டுடையதே.

ஆர்சனேட்டும் ஆர்சனைட்டும் ஒன்றுதானா?

இல்லை. ஆர்சனைட் லிப்போயிக் அமிலத்தின் இரண்டு சல்பைட்ரில் தொகுதிகளையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. அதனால் பைருவேட் டீஹைட்ரஜனேசும் ஆல்பா கீட்டோகுளூட்டரேட் டீஹைட்ரஜனேசும் நிற்கின்றன. கிளைக்காலிசிஸின் 2 ஏடிபி அப்படியே இருக்கும். தேங்கும் பைருவேட் லாக்டேட்டாக மாறும்.

தயமின் குறைபாட்டிலும் அடிபடுவது இதே இரண்டு நொதிகள்தான், காரணம் வேறு துணைநொதி. மதுவுக்கு அடிமையான நோயாளிக்கு தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது ஆபத்து என்று சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது: பைருவேட் பெருகுகிறது, அதை உள்ளே எடுத்துக்கொள்ளும் படி நடக்கவில்லை.

சுழற்சியில் மாலோனேட் சேர்த்தால் எத்தனை என்ஏடிஎச் வரும்?

மாலோனேட் உருவத்தில் சக்சினேட்டைப் போன்றது. சக்சினேட் டீஹைட்ரஜனேசில் அதனுடன் இடத்துக்குப் போட்டி போடுகிறது. தடைக்கு முன்னால் 2 என்ஏடிஎச், 1 ஜிடிபி. எஃப்ஏடிஎச்2ம் மூன்றாவது என்ஏடிஎச்சும் இல்லை. ஏடிபியாக 5 + 1 = 6. சக்சினேட் தேங்கும்.

ஆனால் இது ஒரே ஒரு அசிட்டைல் கோஏக்கான விடை. ஆக்சலோஅசிட்டேட் திரும்ப உருவாகாததால் அடுத்த அசிட்டைல் கோஏ சேர இடமில்லை. விரைவில் எல்லாம் நின்றுவிடும். வெளியிலிருந்து ஆக்சலோஅசிட்டேட் கொடுத்தால் மீண்டும் நடக்கும். இதை வைத்துத்தான் கேள்வியை நீட்டுவார்கள். ஹான்ஸ் கிரெப்சும் வில்லியம் ஜான்சனும் 1937இல் புறாவின் மார்புத் தசையில் செய்த வேலையின் மையமும் இதுவே: மாலோனேட் இருக்கும்போது ஃபியூமரேட்டையோ ஆக்சலோஅசிட்டேட்டையோ சேர்த்தாலும் சக்சினேட்தான் சேர்ந்தது. தடைக்கு அப்பால் உள்ள பொருள் தடைக்கு முன்னால் உள்ள பொருளாக மாற வேண்டுமானால், வேறொரு பக்கமாகச் சுற்றி வந்திருக்க வேண்டும். பாதை சுழற்சி என்பதற்கான சான்று அது.

குளுக்கோசுக்குப் பதில் வேறு பொருளிலிருந்து தொடங்கச் சொன்னால்?

அந்தப் பொருள் எந்தப் படியில் நுழைகிறது, எங்கே முடியச் சொல்கிறார்கள் என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு இடையில் உள்ளதை மட்டும் எண்ணுங்கள்.

பிரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட்டிலிருந்து லாக்டேட் வரை: இரண்டு செலவுப் படிகளும் ஏற்கெனவே கடந்துவிட்டன. 4 ஏடிபி. கிளைக்கோஜனில் உள்ள ஒரு குளுக்கோஸ் அலகிலிருந்து லாக்டேட் வரை: பாஸ்பாரிலேஸ் நொதி கனிமப் பாஸ்பேட்டைக் கொண்டு அதை வெட்டுவதால் ஹெக்சோகைனேசின் ஏடிபி மிச்சம். 3 ஏடிபி. கிளைப் புள்ளியில் இருக்கும் அலகு மட்டும் வெறும் குளுக்கோசாக வெளிவருவதால் அதற்கு 2தான்.

ஒரு பைருவேட் முழுவதும் எரிந்தால் 2.5 + 10 = 12.5. ஒரு லாக்டேட் என்றால் அது முதலில் பைருவேட் ஆகும்போது சைட்டோசாலில் ஒரு என்ஏடிஎச் தருகிறது. மாலேட்-ஆஸ்பார்டேட் வழியில் 15. இதை வைத்து உங்கள் முழுக் கணக்கையே சரிபார்க்கலாம். குளுக்கோஸ் இரண்டு லாக்டேட் ஆகும்போது 2 ஏடிபி, அந்த இரண்டு லாக்டேட்டும் எரியும்போது 30. கூட்டினால் 32 வருகிறதா? வராவிட்டால் எங்கோ ஒரு என்ஏடிஎச் விட்டுப்போயிருக்கிறது, அல்லது இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது.

ஆல்பா கீட்டோகுளூட்டரேட்டிலிருந்து ஆக்சலோஅசிட்டேட் வரை: ஒரு என்ஏடிஎச், ஒரு ஜிடிபி, ஒரு எஃப்ஏடிஎச்2, ஒரு என்ஏடிஎச். 2.5 + 1 + 1.5 + 2.5 = 7.5. சக்சினேட்டிலிருந்து என்றால் 4.

இங்கே 'ஆக்சலோஅசிட்டேட் வரை' என்பதற்கும் 'முழு ஆக்சிஜனேற்றம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். சக்சினேட்டின் நான்கு கார்பன்களும் ஆக்சலோஅசிட்டேட்டில் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூடக் கார்பன் டை ஆக்சைடாகப் போகவில்லை. சுழற்சியை மேலும் ஓட்டினாலும் பயனில்லை, ஏனென்றால் சுழற்சி எரிப்பது உள்ளே வரும் அசிட்டைல் தொகுதிக்கு ஈடான இரண்டு கார்பன்களை மட்டுமே. அந்த நான்கு கார்பன்களும் எரிய வேண்டுமானால் ஆக்சலோஅசிட்டேட் சுழற்சியை விட்டு வெளியே வர வேண்டும். ஒரு ஜிடிபி செலவில் பாஸ்போஈனால்பைருவேட் ஆகி, பைருவேட் கைனேஸ் வழியாக ஒரு ஏடிபி தந்து பைருவேட் ஆகி, அசிட்டைல் கோஏயாக மீண்டும் உள்ளே போக வேண்டும். அந்தச் செலவும் வரவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்; மிஞ்சுவது பைருவேட்டின் 12.5. சக்சினேட்டின் முழு ஆக்சிஜனேற்றம் 4 + 12.5 = 16.5. '4' என்று எழுதிய விடை தவறல்ல, அது வேறு கேள்விக்கான விடை.

விடைத்தாளில் இதை எப்படி எழுதினால் திருத்துபவருக்கு எளிது?

ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை போதும்: நொதி, நடக்கும் இடம், கடத்தி, குளுக்கோஸ் ஒன்றுக்கு எண்ணிக்கை, ஏடிபி. வரவோ செலவோ உள்ள படிகளை மட்டும் எழுதுங்கள். கிளைக்காலிசிசுக்கு ஐந்து வரி, இணைப்புப் படிக்கு ஒன்று, சுழற்சிக்கு ஐந்து. செலவு வரிகளில் மைனஸ் குறி தெளிவாகத் தெரியட்டும். இடம் என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் 30ஆ 32ஆ என்பதைத் தீர்மானிக்கும் சைட்டோசால் என்ஏடிஎச் அதில்தான் தெரியும். ஏடிபி பத்தியைக் கடைசியாக நிரப்புங்கள். எண்ணிக்கைப் பத்தி சரியாக இருந்து பெருக்கலில் மட்டும் பிழை வந்தால், எந்த இடத்தில் வந்தது என்று உங்களுக்கும் தெரியும், திருத்துபவருக்கும் தெரியும்.